ஒன்பதில் ஒரு பங்கு

தென்னை ஈர்க்குச்சியின் நடுப்பகுதியில் 18 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஆறு துண்டுகள் வெட்டிக்கொள்ள வேண்டும். அடிப்பக்கம் தடிமன், நுனிப்பக்கம் வளையும், இரண்டும் ஆகாது. மூன்று துண்டுகளை முக்கோணமாகக் கீழே வைத்து, மூலைக்கு ஒன்றாக மற்ற மூன்றையும் நிறுத்தி, மேலே ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும். மூலைகளில் குச்சிகளைப் பிடித்துக்கொள்ள ஈரக் களிமண் உருண்டை போதும். உருண்டையின் மையத்திலிருந்து மையத்துக்கு 18 வருகிறதா என்று பார்த்துக்கொண்டால், எழுந்து நிற்பது ஒழுங்கு நான்முகி. நான்கு முகங்களும் சமபக்க முக்கோணங்கள். விளிம்புகள் ஆறு, உச்சிகள் நான்கு. எந்த முகத்தின் மேல் உட்காரவைத்தாலும் உருவம் மாறாது. மண் காய்ந்த பிறகு அழுத்திப் பார்த்தால் அசையவும் அசையாது.

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு விடுமுறையில் வந்திருந்தபோது இதைச் செய்தோம். அவள் கணக்கு நோட்டில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒழுங்கு நான்முகியின் இரண்டு முகங்களுக்கு இடையே உள்ள கோணம் என்ன? அடிமுகத்திலிருந்து உச்சியின் உயரம் என்ன? முதல் கேள்விக்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"அறுபதுதானே மாமா? எல்லாமே சமபக்க முக்கோணம்தானே?"

"அளந்து பாரும்மா" என்றேன்.

கோணமானியை ஒரு மூலையில் வைத்தாள். அறுபது வந்தது. அவள் அளந்தது தவறில்லை. ஆனால் அளந்தது இரண்டு விளிம்புகளுக்கு இடையே உள்ள கோணத்தை. கேட்டது இரண்டு முகங்களுக்கு இடையே உள்ளதை. இந்த இரண்டும் வேறு என்பதை உணர்வதுதான் இந்தக் கணக்கின் பெரும்பகுதி. பிறகு வருவதெல்லாம் பிதாகரஸ் தேற்றம்தான்.

ஒரு நோட்டைப் பாதி விரித்து மேசைமேல் நிறுத்தினால் இது தெரியும். இரண்டு அட்டைகளும் முதுகில் சந்திக்கின்றன. முதுகில் ஒரு புள்ளியைக் குறித்து, அங்கிருந்து ஒவ்வோர் அட்டையிலும் ஒரு கோடு இழுக்கலாம். இரண்டு கோடுகளும் முதுகை ஒட்டியே மேலே போனால் அவற்றுக்கு இடையே கோணம் ஏறக்குறைய இல்லை. சற்று விலக்கினால் கோணம் வளரும். முதுகுக்குச் செங்குத்தாக இரண்டையும் இழுக்கும்போது அது உச்சத்தைத் தொடும். நோட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது அந்தக் கடைசிக் கோணம் ஒன்றுதான். அதைத்தான் இருமுகக் கோணம் என்கிறோம்.

நான்முகியிலும் அப்படியே. ஒரு விளிம்பை முதுகாக வைத்துக்கொண்டு, அதை ஒட்டிய இரண்டு முகங்களிலும் விளிம்புக்கு 30 பாகை சாய்வில் கோடுகள் இழுத்தால், அவற்றுக்கு இடையே ஏறக்குறைய முப்பத்துமூன்றரைப் பாகை இருக்கும். 60 பாகை சாய்வில் இழுத்தால் அவை நான்முகியின் மற்ற விளிம்புகளோடு ஒன்றிவிடும். அப்போது கோணம் சரியாக 60. அவள் கோணமானி நின்ற இடம் அது. கோடுகள் இன்னும் விரிந்து விளிம்புக்குச் செங்குத்தாக வரும்போது கோணம் எழுபதைத் தாண்டும். அறுபது வழியில் வரும் ஒரு நிறுத்தம். கண்ணுக்கு முதலில் படுவது விளிம்பு என்பதால் மனம் அங்கேயே இறங்கிவிடுகிறது.

சரி, செங்குத்துக் கோடுகளை எங்கே இழுப்பது? விளிம்பின் எந்தப் புள்ளியிலும் இழுக்கலாம், விடை மாறாது. ஆனால் விளிம்பின் நடுப்புள்ளியைத் தேர்ந்தால் வேலை எளிது. சமபக்க முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் நடுக்கோடு அந்தப் பக்கத்துக்குச் செங்குத்தாகவும் இருக்கும். ஆகவே அடிமுகத்தின் ஒரு விளிம்பில் நடுப்புள்ளியைக் குறித்து, அங்கிருந்து தரையோடு எதிர் மூலைக்கு ஒரு நூல், மேலே உச்சிக்கு ஒரு நூல் கட்டினோம். இரண்டு நூல்களும் ஒரே நீளம். பக்கம் 18 என்றால் நடுக்கோடு 9√3, அதாவது 15.59 சென்டிமீட்டர். இரண்டு நூல்களின் மறுமுனைகளையும் இணைப்பது நான்முகியின் ஆறு குச்சிகளில் ஒன்று; அது 18. ஆக 9√3, 9√3, 18 என்ற பக்கங்கள் உள்ள ஓர் இருசமபக்க முக்கோணம் நான்முகியின் வயிற்றுக்குள்ளே நிற்கிறது. கத்தியால் நான்முகியைச் சரிபாதியாக வகிர்ந்தால் தெரியும் வெட்டுமுகமும் அதுவே.

என் எண்ணத்தில் இந்த முக்கோணம்தான் மொத்தக் கணக்கும். நாம் தேடும் கோணம் அதன் ஒரு மூலையில் இருக்கிறது. நாம் தேடும் உயரமும் அதே முக்கோணத்துக்குள் நெட்டுக்குத்தாக நிற்கிறது. பாடநூல்கள் இவற்றை இரண்டு தனிக் கேள்விகளாகக் கேட்கின்றன. நூல் கட்டிப் பார்த்தவர்களுக்கு அவை ஒரே படத்தின் இரண்டு வாசிப்புகள்.

உயரத்தை முதலில் எடுப்போம். உச்சியிலிருந்து ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல் விட்டோம். கல் அடிமுகத்தின் நடுவே வந்து நின்றது. அது எந்த நடு? உச்சியிலிருந்து கீழே வரும் மூன்று குச்சிகளும் ஒரே நீளம். தூக்குநூல் மூன்றுக்கும் பொது. ஆகவே நூல் தரையைத் தொடும் இடத்திலிருந்து மூன்று மூலைகளும் சம தூரத்தில்தான் இருக்க முடியும். சமபக்க முக்கோணத்தில் அப்படிப்பட்ட புள்ளி மூன்று நடுக்கோடுகளும் சந்திக்கும் இடம். அது ஒவ்வொரு நடுக்கோட்டையும் இரண்டுக்கு ஒன்று என்று பிரிக்கும். மூலையின் பக்கம் இரண்டு பங்கு, விளிம்பின் பக்கம் ஒரு பங்கு. 9√3 என்ற நீளம் 6√3 என்றும் 3√3 என்றும் பிரிகிறது. சென்டிமீட்டரில் 10.39, 5.20.

இனி ஒரு செங்கோண முக்கோணம். கர்ணம் சாய்ந்த குச்சி, 18. அடி 6√3. உயரத்தின் வர்க்கம் 324 கழித்தல் 108, அதாவது 216. அதன் வர்க்கமூலம் 14.70. சரிபார்க்க மறுபக்கச் செங்கோண முக்கோணம் இருக்கிறது. அங்கே கர்ணம் முகத்தின் நடுக்கோடு, அதன் வர்க்கம் 243. அடி 3√3, அதன் வர்க்கம் 27. கழித்தால் அதே 216. இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து நின்றால் நடுப்புள்ளியைச் சரியான இடத்தில்தான் குறித்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். எந்த ஒழுங்கு நான்முகிக்கும் விளிம்பை 0.8165 ஆல் பெருக்கினால் உயரம் கிடைக்கும். துல்லியமாகச் சொன்னால் மூன்றில் இரண்டின் வர்க்கமூலத்தால். இங்கே பலரும் தடுக்கி விழுவது முகத்தின் சாய்ந்த உயரமான 15.59ஐ நான்முகியின் உயரமென்று எழுதிவிடுவதில்தான். வித்தியாசம் ஒன்பது மில்லிமீட்டர். காகிதத்தில் வரைந்த படத்தில் அது தெரியாது, தூக்குநூலில் உடனே தெரியும்.

கோணத்துக்கு இப்போது ஒரே ஒரு வகுத்தல் போதும். விளிம்பின் நடுப்புள்ளியில் நின்று பார்த்தால், முகத்தின் நடுக்கோடு 9√3 நீளத்துக்குச் சாய்ந்து மேலே போகிறது. அதன் நிழல் தரையில் 3√3 நீளத்துக்கு விழுகிறது. நிழலை நீளத்தால் வகுத்தால் மூன்றில் ஒன்று. வேர்க்குறி, சென்டிமீட்டர் எல்லாம் உதிர்ந்துபோய் cos θ = 1/3 என்று நிற்கிறது. நடுக்கோட்டை மையம் மூன்றில் ஒன்றில் வெட்டுகிறது என்பதையே கோணத்தின் மொழியில் சொன்னால் இப்படி வருகிறது. கோணம் 70 பாகை 31 கலை 44 விகலை. எழுபதரைக்குச் சற்று மேல். தரைக்கும் சாய்ந்த குச்சிக்கும் இடையே உள்ள கோணம் இதிலும் வேறு. அதன் கொசைன் 6√3ஐப் பதினெட்டால் வகுத்தது. கோணம் 54 பாகை 44 கலை. ஒரே உருவத்தில் விளிம்புக்கும் விளிம்புக்கும் 60, விளிம்புக்கும் முகத்துக்கும் 54 பாகை 44 கலை, முகத்துக்கும் முகத்துக்கும் 70 பாகை 32 கலை. எதற்கும் எதற்கும் இடையே என்று சொல்லாமல் நான்முகியின் கோணம் என்று சொன்னால் அது பாதி வாக்கியம்.

நூற்றெண்பதிலிருந்து கழித்துப் பார்க்கச் சொன்னேன். 109 பாகை 28 கலை வந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது வேதியியல் புத்தகத்தில் இருக்கே மாமா." ஆம், மீத்தேனில் நான்கு ஹைட்ரஜன்களும் கார்பனைச் சுற்றி நான்முகியின் உச்சிகளில் இருக்கின்றன, மையத்திலிருந்து இரண்டு உச்சிகளுக்குப் போகும் கோடுகளுக்கு இடையே உள்ள கோணம் அது. அந்தக் கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் எதிர் முகங்களுக்குச் செங்குத்தாக விழும், இடையே உள்ள கோணம் மாறாது. அப்படி மையத்திலிருந்து இரண்டு முகங்களுக்குச் செங்குத்துகள் விட்டு, அந்த முகங்கள் சேரும் விளிம்பின் நடுப்புள்ளியையும் சேர்த்தால் ஒரு நாற்கரம் கிடைக்கும். அதில் இரண்டு மூலைகள் செங்கோணம். மீதி இரண்டும் சேர்ந்து 180 ஆகத்தானே வேண்டும்? அவள் மனப்பாடம் செய்திருந்த எண்ணும் இப்போது நூல் கட்டிக் கண்ட எண்ணும் அந்த நாற்கரத்தின் எதிரெதிர் மூலைகள்.

அறுபது என்று சொன்னது பதினாறு வயதுப் பெண் மட்டும் அல்ல. அரிஸ்டாட்டில், கி.மு. நான்காம் நூற்றாண்டில், வானம் பற்றிய தம் நூலின் மூன்றாம் பகுதியில் பிளேட்டோவோடு வாதிடுகிறார். நெருப்பின் துகள் நான்முகி, மண்ணின் துகள் கனசதுரம் என்பது பிளேட்டோவின் கொள்கை. அதை மறுக்கும் போக்கில் அரிஸ்டாட்டில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்: தளத்தை இடைவெளி இல்லாமல் நிரப்பும் உருவங்கள் மூன்று, முக்கோணம், சதுரம், அறுகோணம், வெளியை நிரப்பும் திண்மங்கள் இரண்டு, கனசதுரமும் நான்முகியும். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில் நான்முகி தவறு.

பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு, கோர்டோபாவில் பிறந்த இப்னு ருஷ்து அந்த வரிக்கு விளக்கம் எழுதினார். கனசதுரத்தின் ஒரு மூலையில் மூன்று செங்கோணங்கள் கூடுகின்றன. ஒரு புள்ளியைச் சுற்றி எட்டுக் கனசதுரங்கள் நிரம்பும். மொத்தம் 24 செங்கோணங்கள். நான்முகியின் மூலையில் மூன்று அறுபதுகள், அதாவது இரண்டு செங்கோணங்கள். ஆகவே 12 நான்முகிகள் கூடினால் அதே 24 வந்துவிடும், வெளி நிரம்பிவிடும். கூட்டலில் பிழை இல்லை. கூட்டிய பொருள்தான் பிழை. திண்ம மூலையின் பருமனை அங்கே கூடும் விளிம்புக் கோணங்களைக் கூட்டி அறிய முடியாது. முகங்களுக்கு இடையே உள்ள கோணங்களைக் கூட்டி அதிலிருந்து 180ஐக் கழிக்க வேண்டும். கனசதுரத்துக்கு மூன்று தொண்ணூறு 270, கழித்தால் 90. முழுவெளிக்கு இந்த அளவு 720. எட்டு வருகிறது, சரி. நான்முகிக்கு 211.59லிருந்து 180 போனால் 31.59. அதனால் 720ஐ வகுத்தால் 22.8. முழு எண்ணே வரவில்லை. பன்னிரண்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கோணமானியை மூலையில் வைத்து அளந்த அதே பிழை, ஒரு பேரறிஞரின் கையில்.

எனக்கு இதில் வியப்பாக இருப்பது வேறொன்று. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கக் கொசைன் அட்டவணை வேண்டாம், வகுத்தல்கூட வேண்டாம். நான்முகிகள் வெளியை நிரப்புமானால், ஒரு விளிம்பைச் சுற்றிச் சில நான்முகிகள் இடைவெளி இல்லாமல் நிற்க வேண்டும். அட்டையில் ஐந்து செய்து, ஒரே விளிம்பைச் சுற்றி முகத்தோடு முகம் ஒட்டினால் முடிந்தது. ஐந்து எழுபதரை, 352 பாகையும் சொச்சமும். முழுவட்டத்துக்கு ஏழு பாகைக்கு மேல் குறைகிறது. ஆறாவது நுழையாது. ஆனால் இருப்பது அரிஸ்டாட்டிலின் வரி என்பதால், நிரப்புமா என்று கேட்பதை விட்டு எப்படி நிரப்புகிறது என்று விளக்குவதிலேயே உரைகாரர்கள் பலர் காலம் போக்கினார்கள். 15ஆம் நூற்றாண்டில் ரெஜியோமொன்டானஸ் அதை மறுக்கும்வரை ஏறக்குறைய 1800 ஆண்டுகள் அந்த வரி நின்றது. நான்முகி தனியாக வெளியை நிரப்பாது. எண்முகியோடு சேர்ந்தால் நிரப்பும். எண்முகியின் இருமுகக் கோணம் அதே 109 பாகை 28 கலை. அது இரண்டு, நான்முகி இரண்டு என்று மாறிமாறி வைத்தால் விளிம்பைச் சுற்றிச் சரியாக 360.

ஈர்க்குச்சியிலும் ஐந்து நான்முகிகளைச் சுற்றிக் கட்டிப் பார்த்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை. மண் ஈரமாக இருக்கும்போது கடைசி இடைவெளியை இழுத்து மூடிவிட முடியும். குச்சி சற்று வளையும், உருண்டை சற்று நகரும், வட்டம் நிரம்பியதுபோல நிற்கும். அரிஸ்டாட்டில் சரி என்றே தோன்றும். அப்போது நடுவில் உள்ள பொதுக் குச்சியை உருவிவிட வேண்டும். மூடிய கூடு தன் இயல்பான வடிவத்துக்கு வந்ததும் மேல் உச்சிக்கும் கீழ் உச்சிக்கும் இடையே அளந்தால் 18 இருக்காது, 18.93 இருக்கும். ஏமாற்றிய ஒன்பது மில்லிமீட்டர் அங்கே போய் ஒளிந்திருக்கும். மூடாமல் விட்டால் வாயின் திறப்பு 2 சென்டிமீட்டர். இந்த இரண்டு என்ற எண்ணுக்குப் பிறகு வருகிறேன்.

உயரம் கிடைத்தால் அடுத்துக் கேட்பது கனஅளவு. கி.பி. 499இல் ஆர்யபட்டர் தம் நூலின் கணிதப் பகுதியில் ஆறு விளிம்புள்ள திண்மத்துக்கு ஒரு விதி தருகிறார்: அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி, பாதி எடு. முக்கோணத்தின் பரப்பைச் சொன்ன அதே செய்யுளில் இது வருகிறது. அங்கே அடியை உயரத்தால் பெருக்கிப் பாதி எடுக்கிறோம். அதே பாதி திண்மத்துக்கும் வந்துவிட்டதுபோல் இருக்கிறது. சரியான பங்கு மூன்றில் ஒன்று. பிரம்மகுப்தர் 628இல் அதைச் சரியாகத் தருகிறார். நம் நான்முகிக்கு அடிப்பரப்பு 81√3, ஏறக்குறைய 140.3 சதுர சென்டிமீட்டர். உயரத்தால் பெருக்கினால் 2062. மூன்றில் ஒன்று 687. ஆர்யபட்டரின் பாதி 1031. மணல் நிரப்பி அளந்தாலே வேறுபாடு தெரிகிற அளவு.

அந்த 2062 என்ற எண்ணுக்கும் ஓர் உருவம் உண்டு. ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கை எடுத்து இணைத்தால் ஒழுங்கு நான்முகி கிடைக்கும். கனசதுரத்தின் முகத்துக்கு ஒன்றாக எடுத்த மூலைவிட்டங்கள் ஆறும் நான்முகியின் விளிம்புகள் ஆறும் ஒன்றே. விளிம்பு 18 என்றால் கனசதுரத்தின் பக்கம் 12.73. அதன் கனஅளவு 2062. மூலைக்கு ஒன்றாக நான்கு துண்டுகளைச் சீவி எறிந்தால் மிஞ்சுவது நான்முகி. ஒவ்வொரு துண்டும் கனசதுரத்தில் ஆறில் ஒன்று. நான்கு போனால் மூன்றில் இரண்டு போய்விடும், நிற்பது மூன்றில் ஒன்று.

அவள் இங்கே நிறுத்தினாள். "சீவின துண்டு ஆறில் ஒண்ணுன்னு எப்படித் தெரியும் மாமா? அதுக்கும் மூன்றில் ஒண்ணு விதியைத்தானே போட்டீங்க?"

நல்ல கேள்வி. பெருங்கணிதர்களையே வருத்திய கேள்வி. தளத்தில் இந்தச் சிக்கல் இல்லை. எந்த முக்கோணத்தையும் கத்தரியால் வெட்டி, துண்டுகளை மாற்றி அடுக்கி, அதே பரப்புள்ள செவ்வகமாக்கிவிடலாம். பாதி என்பது கண்முன்னே நிரூபணமாகிவிடும். திண்மத்தில் மூன்றில் ஒன்றுக்கு அப்படி ஒரு வெட்டு கிடைக்கவில்லை. சீட்டுக்கட்டைச் சரித்தாலும் கட்டின் கனஅளவு மாறாது அல்லவா? அதுபோல நான்முகியை எண்ணற்ற மெல்லிய தகடுகளாக நினைத்து, தகடுகளை நகர்த்தித்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. யூக்லிட் முதல் எல்லோரும் முடிவில்லாத அடுக்கு ஒன்றைக் கடந்துதான் அந்த மூன்றில் ஒன்றை அடைந்தார்கள். இது நம் திறமைக் குறைவா, அல்லது வேறு வழியே இல்லையா? 1900இல் டேவிட் ஹில்பர்ட் வெளியிட்ட புகழ்பெற்ற கேள்விப் பட்டியலில் மூன்றாவது இதுதான். அவருடைய மாணவர் மாக்ஸ் டேன் அதே ஆண்டில் விடை கண்டார். அவருக்கு வயது இருபத்தொன்று. வேறு வழியே இல்லை என்பது விடை. காரணம் நம் எழுபதரைப் பாகை.

டேன் பார்த்தது விளிம்புகளை. ஒரு திண்மத்தை எப்படி வெட்டினாலும், வெட்டினால் புதிதாகப் பிறக்கும் விளிம்பு உள்ளே இருந்தால் அதைச் சுற்றியுள்ள துண்டுகளின் கோணங்கள் சேர்ந்து 360 ஆகும். முகத்தின் மேல் இருந்தால் சேர்ந்து 180. பழைய விளிம்பிலேயே வெட்டு விழுந்தால், பிரிந்த கோணங்கள் கூடிப் பழைய கோணமாகும். ஆகவே நீளத்தோடு சேர்த்துக் கோணங்களைக் கணக்கெழுதி, 180இன் பின்னங்களையெல்லாம் தள்ளிவிட்டால், வெட்டாலும் ஒட்டாலும் அந்தக் கணக்கில் மிச்சம் மாறாது. கனசதுரத்தின் கோணங்கள் எல்லாம் 90. தள்ளினால் மிச்சம் ஒன்றுமில்லை. நான்முகியின் கோணமும் 180இன் ஏதோ ஒரு பின்னமாக இருந்திருந்தால் அதன் மிச்சமும் ஒன்றுமில்லாமல் போயிருக்கும். அது அப்படி இல்லை என்று காட்டினால் போதும். நான்முகியைத் துண்டாக்கிக் கனசதுரமாக அடுக்கவே முடியாது என்று ஆகிவிடும்.

அதைக் காட்ட உயர்நிலைப் பள்ளிக் கணக்கே போதும். கோணத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பெருக்கிக்கொண்டே போய்க் கொசைனை எழுதுவோம். cos θ என்பது 1/3. cos 2θ என்பது −7/9. அடுத்து −23/27. அடுத்து 17/81. பகுதி ஒவ்வொரு முறையும் மூன்று மடங்காகிறது. தொகுதிக்கும் விதி எளிது: இப்போதைய தொகுதியின் இரண்டு மடங்கிலிருந்து முந்தையதன் ஒன்பது மடங்கைக் கழித்தால் அடுத்தது. ஒன்பது மடங்கு மூன்றால் வகுபடும். இரண்டு மடங்கு வகுபடாது, ஏனென்றால் முதல் தொகுதியான 1 மூன்றால் வகுபடவில்லை. ஆகவே எந்தத் தொகுதியும் மூன்றால் வகுபடாது. பகுதியில் உள்ள மூன்றுகள் எந்த நாளும் அடிபடாது. கோணம் எத்தனை சுற்றுக்குப் பிறகாவது தொடங்கிய இடத்துக்குச் சரியாகத் திரும்புமானால் கொசைன் 1 ஆக வேண்டும். பகுதி அடிபடாத பின்னம் எப்படி ஒன்றாகும்? ஐந்து அல்ல, ஐயாயிரம் நான்முகிகளை ஒரு விளிம்பைச் சுற்றி மேன்மேலும் சுற்றி வைத்தாலும் கடைசி முகம் முதல் முகத்தோடு படியாது.

ஐந்தாவது இடத்தில் வரும் பின்னத்தை அவளையே கணக்கிடச் சொன்னேன். 17இன் இரண்டு மடங்கு 34, −23இன் ஒன்பது மடங்கைக் கழித்தால் 207 கூடுகிறது, தொகுதி 241. பகுதி 243. ஒன்றுக்கு 2/243 மட்டுமே குறை. அரிஸ்டாட்டிலை ஏமாற்றியிருக்கக்கூடிய நெருக்கம் இதுதான். வாயின் திறப்பை இதிலிருந்தே எடுக்கலாம். திறப்பின் இருபுறமும் நிற்கும் உச்சிகள் நடு விளிம்பிலிருந்து 9√3 தூரத்தில் இருக்கின்றன. அதன் வர்க்கம் 243. திறப்பின் வர்க்கம், 243இன் இரண்டு மடங்கு பெருக்கல் 2/243. அதாவது நான்கு. திறப்பு சரியாக இரண்டு சென்டிமீட்டர், மிச்சம் மீதி இல்லாமல். எந்த அளவில் செய்தாலும் அது விளிம்பில் ஒன்பதில் ஒரு பங்கு.

ஐந்து நான்முகிகளை ஒரே விளிம்பைச் சுற்றிக் கட்டக் குச்சிகள் 18 வேண்டும், ஒவ்வொன்றும் 18 சென்டிமீட்டர். நடுவே ஒன்று, மேல் உச்சியிலிருந்து ஆறு, கீழ் உச்சியிலிருந்து ஆறு, சுற்றுவட்டத்தில் ஐந்து. கட்டி, மண் காயும்வரை இடைவெளியை மூடாமல் விட்டு, பிறகு அளவுகோலை வைத்துப் பாருங்கள்.